சாவடிக் கணக்கு



சென்ற திங்கள் நம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்றில், முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் மாணவர்களிடையே பேசுமாறு என்னை அழைத்திருந்தார்கள். வாக்குப்பதிவும் எண்ணிக்கையும் நடைமுறையில் எவ்வாறு நிகழ்கின்றன என்பதே பொருள். நான் பயில்வதோ இயற்பியல். ஆயினும் என் அன்னையார் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல்தோறும் வாக்குச் சாவடிப் பணிக்குச் சென்று வருபவர். அவர் விரித்து வைத்துப் படிக்கும் கையேடுகளை நானும் சிறு வயது முதல் படித்து வந்திருக்கிறேன். அன்று அரைகுறை இந்தியில் பேசியதை நம் இதழுக்காகத் தமிழில் விரித்து எழுதுகிறேன்.

பேச்சின் இடையே திருநெல்வேலிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, "அண்ணா, நான் அழுத்துகிற வாக்கு எண்ணப்பட்டது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. உங்கள் தனி ஒரு வாக்கைப் பின்தொடர்ந்து சென்று பார்க்க உங்களால் முடியாது. முடியக் கூடாது என்பதற்காகவே முறை அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வாக்கு எது என்று உங்களுக்குக் காட்ட முடியுமானால், உங்களுக்குப் பணம் கொடுத்தவருக்கும் காட்ட முடியும் அன்றோ? ஆனால் உங்கள் சாவடியில் விழுந்த மொத்த வாக்குகள் என்ற எண்ணைப் பின்தொடரலாம். அந்த எண் மாலையில் சாவடியில் ஒருமுறை எழுதப்படுகிறது. பின்னொரு நாள் எண்ணும் கூடத்தில் மீண்டும் பார்க்கப்படுகிறது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணின் பயணத்தையே இங்கே சொல்லப் போகிறேன்.

வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாவடியில் வேலை தொடங்கிவிடுகிறது. மேசை மீது கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். மறைப்புக்குள் பொத்தான்கள் கொண்ட வாக்குப்பதிவுக் கருவியும், அதன் அருகே சீட்டு அச்சிடும் விவிபாட் பெட்டியும் இருக்கும். வேட்பாளர்களின் முகவர்கள் பார்த்திருக்க, குறைந்தது 50 வாக்குகளை மாதிரியாகப் பதிவு செய்வார்கள். நோட்டா உட்பட ஒவ்வொரு பொத்தானும் அழுத்தப்பட வேண்டும். பின்னர் கருவியை முடித்து வைத்து, முடிவைக் காட்டச் செய்து, விவிபாட் பெட்டியில் விழுந்த சீட்டுகளையும் எண்ணி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒத்திருந்தால் 'கிளியர்' என்ற பொத்தானை அழுத்திக் கருவியின் நினைவில் உள்ள 50 வாக்குகளையும் அழிக்க வேண்டும். பெட்டியிலுள்ள மாதிரிச் சீட்டுகளை எடுத்து முத்திரையிட்டுத் தனியே கருப்பு உறையில் வைத்து மூட வேண்டும். இந்த 'கிளியர்' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனிடம் திரும்பி வருவோம். இவை முடிந்த பின் கருவிக்குப் பச்சைத் தாள் முத்திரை இடப்படுகிறது. அதில் முகவர்களும் கையெழுத்திடலாம்.

இனி வாக்காளர் வருகிறார். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்து உரக்கப் படிக்கிறார். பெயரைப் படிப்பது சடங்கு அன்று. 'இவர் அவர் அல்லர்' என்று சொல்ல விரும்பும் முகவர் சொல்ல வேண்டிய நேரம் அதுவே. இரண்டாம் அலுவலர் இடக்கைச் சுட்டுவிரலில் மை இடுகிறார். நம் வேதியியல் நண்பர்கள் அறிந்த வெள்ளி நைட்ரேட் கலந்த மைதான் அது. 1962 பொதுத் தேர்தல் முதல் மைசூரில் செய்யப்பட்டு வருகிறது. பிறகு 17ஏ என்னும் பதிவேட்டில் வாக்காளரின் வரிசை எண் எழுதப்பட்டு, அவர் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ பெறப்படுகிறது. நாம் தேடும் எண் பிறக்கும் இடம் இந்தப் பதிவேடு. காகிதத்தில், மனிதர் கையால், எந்திரத்தோடு எவ்விதத் தொடர்பும் இன்றி எழுதப்படும் எண் அது.

அடுத்த அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் 'பேலட்' பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் கருவி ஒரே ஒரு வாக்கை ஏற்கும் நிலைக்கு வரும். வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்துகிறார். பெயருக்கு நேரே சிவப்பு விளக்கு எரிகிறது. விவிபாட் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் கொண்ட சீட்டு 7 வினாடிகள் தெரிந்து, அறுபட்டுப் பெட்டிக்குள் விழுகிறது. பலர் பொத்தானை அழுத்திய கையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த 7 வினாடிகள் நின்று பாருங்கள். உங்கள் தனி வாக்கை நீங்கள் சரிபார்க்கக்கூடிய ஒரே நேரம் அதுதான். அழுத்தியது ஒன்று, சீட்டில் வந்தது வேறொன்று என்றால் அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லலாம். அவர் எழுத்து வடிவில் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, முகவர்கள் முன்னிலையில் சோதனை வாக்கு ஒன்று போடச் சொல்வார். குற்றச்சாட்டு மெய்யானால் அந்தக் கருவியில் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். பொய்யானால் உறுதிமொழி தந்தவர் தண்டனைக்கு உள்ளாவார்.

மாலையில் நேரம் முடிகிறது. அப்போது வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லாம் சீட்டு வழங்கப்படும். கடைசியில் நிற்பவரிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வழங்குவது வழக்கம். காரணம் எளிது. கடைசி ஆளுக்கு முதலில் கொடுத்துவிட்டால் அவர் பின்னால் வேறு யாரும் வந்து சேர முடியாது. எல்லோரும் வாக்களித்த பின் தலைமை அலுவலர் 'குளோஸ்' பொத்தானை அழுத்துகிறார். அதன் பிறகு அந்தக் கருவி ஒரு வாக்கையும் ஏற்காது. அப்போது எழுதப்படுவதே 17சி என்னும் படிவம்.

ஒரு சாவடியைக் கற்பனை செய்துகொள்வோம். பட்டியலில் 1,043 பேர். 17ஏ பதிவேட்டில் கையெழுத்திட்டவர் 712 பேர். இவர்களுள் ஒருவர் கையெழுத்திட்ட பின் மனம் மாறி, வாக்களிக்க விரும்பவில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டார். விதி 49ஓ இதற்கு இடம் தருகிறது. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதப்படும். இன்னொருவர், தாம் யாருக்கு வாக்களிக்கிறார் என்பதைப் பிறர் பார்க்கும்படி செய்ய முயன்றார். எச்சரித்தும் கேளாததால் அவர் வாக்களிக்க அனுமதிக்கப்படவில்லை. இருவரையும் கழித்தால் 710. கட்டுப்பாட்டுக் கருவியில் 'டோட்டல்' பொத்தானை அழுத்தினால் 710 என்றே வரவேண்டும். இரண்டு எண்களையும் படிவத்தில் எழுதி, ஒத்திருக்கின்றனவா என்ற கேள்விக்கும் விடை எழுத வேண்டும். படிவத்தின் மெய்நகலை அங்கிருக்கும் முகவர் ஒவ்வொருவருக்கும் தந்து ஒப்புகை பெற வேண்டும் என்று விதி 49எஸ் கட்டளையிடுகிறது. கருவி இன்னும் சாவடியை விட்டு வெளியேறவில்லை. அதற்கு முன்பே அந்த எண் பல கைகளில் இருக்கிறது. இம்முறையின் வலிமை முழுதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் முகவர் மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டால் இந்த வலிமை வெறும் காகிதம். கடைசி வாக்குக்குப் பின் தம்மிடம் நகல் கேட்டு வாங்க எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று என் அன்னையார் ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்பும் வீட்டில் சொல்வார். அந்தத் தொகை எப்போதும் சிறியதாகவே இருந்தது.

ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன். 2018இல் 'சர்கார்' திரைப்படம் வந்ததிலிருந்து 49பி என்ற விதி எண்ணை நம்மவர் அனைவரும் அறிவர். உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டுப் போயிருந்தால், நீங்கள் யார் என்பதை மெய்ப்பித்த பின் உங்களுக்குத் தாளில் அச்சிட்ட வாக்குச்சீட்டு தரப்படும். அதற்கு ஆய்வுக்குரிய வாக்கு என்று பெயர். அது எந்திரத்துள் செல்லாது. 710இல் சேராது. தனி உறையில் இடப்படும். எண்ணிக்கை நாளன்று அந்த உறையைப் பிரிக்கவும் மாட்டார்கள். பின்னர்த் தேர்தல் வழக்கு நடந்து, நீதிமன்றம் ஆணையிட்டால்தான் அது வெளிச்சம் காணும். 2008இல் இராசத்தான் நாத்துவாரா தொகுதியில் 62,216க்கு 62,215 என ஒரே வாக்கு வேறுபாட்டில் முடிவு வந்தபோது இத்தகைய வாக்குகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வேறுபாடு ஆயிரங்களில் இருந்தால் அந்த உறையை யாரும் நினைப்பதில்லை.

எண்ணும் நாளுக்கு வருவோம். காலை 8 மணிக்கு அஞ்சல் வாக்குகளை எண்ணத் தொடங்குவார்கள். அரை மணி கழிந்ததும் எந்திர எண்ணிக்கை தொடங்கும். பொதுவாக 14 மேசைகள். ஒரு சுற்றுக்கு 14 சாவடிகள். தொலைக்காட்சியில் சுற்று என்று சொல்வது இதைத்தான். மேசைக்கு வருவது கட்டுப்பாட்டுக் கருவியும் அந்தச் சாவடியின் 17சி படிவமும். வாக்குகள் கட்டுப்பாட்டுக் கருவியின் நினைவிலேயே இருப்பதால் பொத்தான்கள் கொண்ட கருவி அங்கே தேவையில்லை. வலைக்கு அப்பால் வேட்பாளர்களின் எண்ணிக்கை முகவர்கள் அமர்ந்திருப்பார்கள். முதலில் கருவியின் தனி எண் படிவத்திலுள்ள எண்ணோடு ஒக்கிறதா, முத்திரைகள் குலையாமல் இருக்கின்றனவா என்று காட்டப்படும். அதன்பின் மொத்தம் பார்க்கப்படும். 710 என்று வந்தால் உள் முத்திரையைத் துளைத்து 'ரிசல்ட்' பொத்தானை அழுத்துவார்கள். முதல் வேட்பாளருக்கு 318, இரண்டாமவருக்கு 271, மூன்றாமவருக்கு 84, நான்காமவருக்கு 22, நோட்டாவுக்கு 15 என ஒவ்வொன்றாகத் திரையில் வரும். கூட்டிப் பாருங்கள், 710. இவை 17சி படிவத்தின் இரண்டாம் பகுதியில் எழுதப்பட்டு முகவர்களின் கையெழுத்துப் பெறப்படும். ஒரு சாவடிக்குச் சில மணித்துளிகள் போதும்.

ஒருவேளை மேசையில் மொத்தம் 760 என்று வந்தால்? கூட்டத்தில் இதைக் கேட்டதும் பின்வரிசையில் "மோசடி!" என்று ஒரு குரல் எழுந்தது. நாம் அவசரப்பட வேண்டா. 760இலிருந்து 710ஐக் கழித்தால் வருவது 50. காலையில் போட்ட மாதிரி வாக்குகளின் எண்ணிக்கையும் 50. வைகறையில் எழுந்து, உறக்கக் கலக்கத்தில், முகவர்களின் பேச்சுக்கிடையே, தலைமை அலுவலர் அந்த 'கிளியர்' பொத்தானை அழுத்த மறந்துவிட்டார் என்பதே முதலில் தோன்ற வேண்டிய ஐயம். அதைச் சோதிக்கவும் வழியுண்டு. மாதிரி வாக்குப்பதிவில் எவருக்கு எத்தனை வாக்குகள் விழுந்தன என்பது காலையிலேயே சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பத்துப் பத்து என்று அதில் இருப்பதாகக் கொள்வோம். எந்திரம் 328, 281, 94, 32, 25 என்று காட்டினால் ஐயம் ஏறத்தாழத் தெளிந்துவிடும். மாறாக, மிகுதி 50 என்பதற்குப் பதிலாக 37 என்றிருந்தாலோ, ஒரே பெயரில் குவிந்திருந்தாலோ கதை வேறு.

இவ்வளவு தெளிவாக இருந்தும் பத்துப் பத்தாகக் கழித்து எழுதிவிட அலுவலருக்கு உரிமையில்லை. கருவியை ஒதுக்கி வைக்க வேண்டும். 2019இல் தேர்தல் ஆணையம் தந்த அறிவுரைப்படி, இப்படி ஒதுக்கிய சாவடிகளின் வாக்குகளைவிட வெற்றி வேறுபாடு பெரிதாக இருந்தால் அவற்றை எண்ணாமலே முடிவை அறிவித்துவிடலாம். வேறுபாடு சிறிதாக இருந்தால்தான் விவிபாட் சீட்டுகள் எண்ணப்பட்டன. 710 பேர் வெயிலில் நின்று போட்ட வாக்கு, முடிவை மாற்றாது என்ற காரணத்தால் எண்ணப்படாமலே போவது எனக்கு ஒருபோதும் உடன்பாடாகப் பட்டதில்லை. 2025இல் ஆணையம் இதை மாற்றியது. இத்தகைய சாவடி ஒவ்வொன்றிலும் விவிபாட் சீட்டுகளை எண்ணியே தீர வேண்டும் என்பது இப்போதைய முறை. காலையில் மாதிரிச் சீட்டுகளைக் கருப்பு உறைக்கு மாற்றியிருந்தால் பெட்டிக்குள் இருப்பவை மெய்யான 710 சீட்டுகள் மட்டுமே. எந்திரம் மறக்காததைக் காகிதம் திருத்தித் தருகிறது.

இது கற்பனைக்காக நான் புனைந்த இடர் அன்று. 2019 தேர்தலில் ஆந்திரத்தின் மைதுக்கூர்த் தொகுதிச் சாவடி ஒன்றில் எந்திரத்தின் எண்ணும் சீட்டுகளின் எண்ணும் ஒவ்வாமல் போயின. மாதிரி வாக்குகளை அழிக்கத் தவறியதே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலும் இந்நிகழ்ச்சி குறிப்பிடப்படுகிறது.

இனி இக்கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். 710க்கு 710 ஒத்திருந்தால் வாக்கு கூடவுமில்லை, குறையவுமில்லை என்றுதான் அறிகிறோம். 318 என்பது மெய்யாகவே 318தானா என்பதை 17சி சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது விவிபாட் சீட்டு மட்டுமே. ஆனால் எல்லாச் சாவடிகளிலும் சீட்டுகளை எண்ணுவதில்லை. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிப் பகுதியிலும் குலுக்கல் முறையில் 5 சாவடிகளைத் தேர்ந்து அவற்றின் சீட்டுகளை மட்டும் எண்ணுகிறார்கள். ஒவ்வாமை இருந்தால் சீட்டின் எண்ணே நிற்கும்.

ஐந்து போதுமா? இங்கே அறிவியல் மாணவன் என்ற முறையில் சிறு கணக்கொன்று போட்டுப் பார்த்தேன். ஒரு சட்டமன்றத் தொகுதியில் 250 சாவடிகள் இருப்பதாகவும், அவற்றுள் 25இல் பிழை இருப்பதாகவும் கொள்வோம். குலுக்கலில் வரும் முதல் சாவடி பிழையற்றதாக இருக்கும் வாய்ப்பு 250க்கு 225. அடுத்தது 249க்கு 224. இவ்வாறே ஐந்தையும் பெருக்கினால் விடை ஏறக்குறைய 0.59. அதாவது பத்தில் ஒரு கருவி பழுதாக இருந்தாலும், நூற்றுக்கு 59 முறை அந்தப் பழுது நம் கண்ணில் படாமலே போகும். சட்டமன்றத் தேர்தலுக்கு இந்தச் சல்லடை ஓட்டை பெரிது. ஆனால் மக்களவைத் தொகுதிக்கு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதியில் 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். அங்கே 30 சாவடிகள் சோதிக்கப்படும். 0.59ஐ ஆறு முறை பெருக்கினால் 0.04. பிழை தப்புவது நூற்றுக்கு 4 முறைதான். ஒரே விதி ஒரு தேர்தலில் மெலிந்தும் மற்றொன்றில் வலுத்தும் நிற்பதைப் பாருங்கள். அனைத்துச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 தீர்ப்பு ஏற்கவில்லை. ஆயினும் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர், முடிவு வந்த 7 நாட்களுக்குள் கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், ஒரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கு நூற்றுக்கு 5 எந்திரங்களைப் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்று அது வழி வகுத்தது.

திருநெல்வேலி நண்பருக்கு நான் காட்டிய கடைசி ஏடு 20ஆம் எண் படிவம். தொகுதியின் ஒவ்வொரு சாவடியிலும் எவருக்கு எத்தனை வாக்குகள் என்பதை வரிவரியாகக் காட்டும் முடிவுத் தாள் அது. மாநிலத் தலைமைத் தேர்தல் அலுவலரின் இணையத் தளத்தில் வெளியிடப்படுகிறது. உங்கள் சாவடி எண்ணைத் தேடிப் பாருங்கள். முகவர் ஒருவரிடம் 17சி நகல் இருந்தால் இரண்டின் மொத்தத்தையும் நீங்களே ஒப்பிடலாம்.

அவரும் கைப்பேசியில் தம் ஊர்ச் சாவடியைத் தேடி எடுத்தார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, இது எங்கள் தெருவும் பக்கத்துக் காலனியும் மட்டும் உள்ள சாவடி. எந்தப் பக்கம் யாருக்குப் போட்டது என்று ஊரில் எவரும் சொல்லிவிடுவார்களே" என்றார். உண்மைதான். தனி ஆளின் வாக்கு மறைந்திருந்தாலும் சிற்றூரின் வாக்கு மறைவதில்லை. தாள் வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இடம் தந்தது. எந்திரத்தில் கலக்க முடியாது. 14 சாவடிகளின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் 'டோட்டலைசர்' என்னும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. மைய அரசு உடன்படவில்லை. அந்தக் கருவி வந்தால் அவர் தெரு மறைந்துகொள்ளும். அதே நேரத்தில் 710 என்ற எண்ணைச் சாவடி வரை பின்தொடரும் வழியும் மங்கிப்போகும். இரண்டில் எது வேண்டும் என்று அன்று கூட்டத்தில் நெடுநேரம் வாதிட்டார்கள். ஊர்ப்புறத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமும் நகரத்தவர் மற்றொரு பக்கமுமாகப் பிரிந்து நின்றார்கள்.